பத்தாயிரம் கிளிக், நூற்றிருபது ஆர்டர்: ஓட்டை எந்தப் படியில்?

விளம்பரத்தில் 10,000 கிளிக் வந்திருக்கிறது. கடையில் 120 ஆர்டர்தான் விழுந்திருக்கிறது. நடுவில் போன 9,880 பேரும் எங்கே போனார்கள்? இதைத் தேடிப் பிடிக்கும் வேலையைத்தான் ஃபனல் பகுப்பாய்வு என்கிறார்கள். ஃபனல் என்றால் புனல். எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடு இல்லை. புனலில் ஊற்றியது எல்லாமே கீழே வந்துவிடும். இங்கே நடப்பது அடுக்கி வைத்த சல்லடைகளின் வேலை. ஒவ்வொரு சல்லடையிலும் கொஞ்சம் பேர் நிற்கத்தான் செய்வார்கள். எந்தச் சல்லடை திடீரென்று அடைத்துக்கொண்டது என்பதுதான் நமக்கு வேண்டிய விடை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கை முதலில் இருந்து கடைசி வரை போட்டுப் பார்ப்போம். காலணி விற்கும் இணையக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையின் எண்கள் வேறாக இருக்கும், போடும் முறை இதுவே. கருவியாக கூகுள் அனலிடிக்ஸ் 4 இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள்தான் மாறும்.

படிகளை எழுதுங்கள், எதை எண்ணுகிறோம் என்பதையும் எழுதுங்கள்

முதலில் ஒரு தாளில் படிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நம் கடையில் விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் நேராகப் பொருள் பக்கத்துக்கு வருகிறார். அங்கே `view_item` என்ற நிகழ்வு பதிவாகும். கூடையில் போட்டால் `add_to_cart`. வாங்கப் போகிறேன் என்று பொத்தானை அழுத்தினால் `begin_checkout`. முகவரி கொடுத்தால் `add_shipping_info`. பணம் கட்டும் வழியைத் தேர்ந்தால் `add_payment_info`. ஆர்டர் முடிந்தால் `purchase`. இவை எல்லாம் அனலிடிக்ஸ் பரிந்துரைக்கும் பெயர்கள். இதே எழுத்தில், இதே அடிக்கோட்டோடு உங்கள் கடை அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள். `addToCart` என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அது வேறு நிகழ்வாகப் போய் நிற்கும், உங்கள் படி காலியாகத் தெரியும்.

இதைச் சரிபார்க்க நீங்களே ஒரு முறை வாங்கிப் பாருங்கள். நிகழ்வுகளை அனுப்ப உதவும் கூகுள் டேக் மேனேஜரின் முன்னோட்டத்தைத் திறந்துவிட்டு, Admin பகுதியில் இருக்கும் DebugView பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தும்போது எந்த நிகழ்வு வந்து விழுகிறது என்று கவனியுங்கள். ஒரு அழுத்தலுக்கு இரண்டு `add_to_cart` விழுவது, பக்கம் திறந்ததுமே `begin_checkout` விழுவது போன்ற கோளாறுகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். பல பேர் இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு இரண்டு வாரம் தப்பான எண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுத்து, எண்ணுவது எதை? இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். விளம்பரத் தளம் எண்ணுவது கிளிக்குகளை. அனலிடிக்ஸ் ஃபனல் எண்ணுவது ஆட்களை, அதாவது பிரவுசர்களை. ஒரே ஆள் மூன்று முறை கிளிக் செய்தால் அங்கே மூன்று, இங்கே ஒன்று. ஆகவே முதல் படியில் கொஞ்சம் குறைவது கணக்கு முறையாலேயே வரும். அப்புறம், மெட்டா விளம்பரம் என்றால் Clicks (all) என்ற எண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள். லைக் போட்டது, பக்கத்தின் பெயரைத் தட்டியது எல்லாம் அதில் சேர்ந்துவிடும். Link clicks என்பதுதான் உங்கள் தளத்தை நோக்கிக் கிளம்பியவர்கள். Landing page views என்பது பக்கம் திறக்கும் வரை காத்திருந்தவர்கள்.

ஃபனலைக் கட்டுவது

அனலிடிக்ஸில் Explore போய் Funnel exploration என்பதைத் திறந்து, Steps பகுதியில் நம் படிகளை வரிசையாகக் கொடுங்கள். மூன்று இடங்களில் மட்டும் நின்று நிதானமாக முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உறவு. is indirectly followed by என்பதை வைத்துக்கொள்ளுங்கள். directly என்று வைத்தால், கூடையில் போட்டவர் நடுவில் வேறொரு காலணியைப் பார்த்துவிட்டு வந்தாலே விழுந்தவர் கணக்கில் போய்விடுவார். ஆட்கள் அப்படி நேர்கோட்டில் வாங்குவதில்லை.

இரண்டு, மூடிய ஃபனலா திறந்த ஃபனலா. நமக்கு வேண்டியது விளம்பரத்தில் இருந்து வந்தவர்களின் பயணம், ஆகவே மூடியதே சரி. முதல் படியில் Session campaign உங்கள் விளம்பரத்தின் பெயர் என்ற நிபந்தனையையும் வைத்துவிடுங்கள், அந்தப் படியில் நுழைந்தவர் மட்டும்தான் எண்ணப்படுவார். ஆனால் உங்கள் கடையில் 'இப்போதே வாங்கு' என்று ஒரு பொத்தான் இருந்து, அது கூடையைத் தொடாமல் நேராக செக்அவுட் போகிறது என்றால், அந்த ஆட்கள் எல்லாம் கூடைப் படியில் தொலைந்தவர்களாகத் தெரிவார்கள். பணம் கட்டியவர் தொலைந்தவர் பட்டியலில்! அந்தப் பொத்தானுக்கும் ஒரு நிகழ்வு வைத்து, கூடைப் படியில் 'இது அல்லது அது' என்று இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்று, காலம். நேற்று கிளிக் செய்தவர் நாலு நாள் யோசித்து வாங்கலாம். அவரை இன்றே விழுந்தவர் என்று எழுதிவிட்டால் அது அநியாயம். ஆகவே கிளிக் வந்த காலம் இரண்டு வாரம் என்றால், அது முடிந்த பிறகு இன்னும் ஏழு நாள் கழித்துத்தான் கணக்கை எடுங்கள். ஒப்பிடும் பழைய காலத்துக்கும் அதே ஏழு நாள் கொடுங்கள். அனலிடிக்ஸில் எண்கள் முழுதாக வந்து சேரவே ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால், நேற்றைய எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பயனும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். Explore பகுதியில் பழைய தரவு இயல்பாக 2 மாதத்துக்குத்தான் கிடைக்கும். Data retention அமைப்பில் 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் அழிந்து போனது போனதுதான். இந்தக் கட்டுரையைப் பாதியில் நிறுத்துவதாக இருந்தாலும் அதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துங்கள்.

பெரிய இறக்கம் எல்லாம் ஓட்டை ஆகாது

சரி, நம் கடையின் கணக்கு இதோ. கடைசி நெடுவரிசையில் இருப்பது அதற்கு முந்தைய இரண்டு வாரத்தின் விகிதம்.

| படி | ஆட்கள் | முந்தைய படியில் இருந்து | முன்பு |
|---|---|---|---|
| விளம்பரக் கிளிக் | 10,000 | | |
| பொருள் பக்கம் | 7,600 | 76% | 77% |
| கூடை | 608 | 8% | 8% |
| செக்அவுட் தொடக்கம் | 365 | 60% | 60% |
| பணம் கட்டும் வழி தேர்வு | 219 | 60% | 75% |
| ஆர்டர் | 120 | 55% | 80% |

முகவரிப் படியை இப்போதைக்கு அட்டவணையில் விட்டுவிட்டேன், பிறகு தேவைப்படும்போது எடுத்துக்கொள்வோம்.

முதல் பார்வையில் எல்லோருடைய கண்ணும் 8 சதவீதத்தில் போய் நிற்கும். 7,600 பேர் பார்த்து 608 பேர்தான் கூடையில் போட்டார்கள், ஏழாயிரம் பேர் அங்கேயே போய்விட்டார்கள், ஆகவே பொருள் பக்கத்தை மாற்றி எழுது, படத்தை மாற்று, பொத்தானின் நிறத்தை மாற்று என்று வேலை தொடங்கிவிடும். அவசரப்பட வேண்டாம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வடிந்து போகும் இடம் அது. எந்தக் கடையிலும் அந்தப் படிதான் பெரிதாக இறங்கும். முன்பும் 8, இப்போதும் 8. அங்கே புதிதாக எதுவும் உடையவில்லை.

ஓட்டையைக் காட்டுவது இறக்கத்தின் அளவு இல்லை, அது முன்பிருந்த அளவில் இருந்து எவ்வளவு விலகியது என்பதுதான். அப்படிப் பார்த்தால் கடைசி இரண்டு படிகள்தான் மாட்டுகின்றன. 75 இருந்தது 60 ஆகியிருக்கிறது, 80 இருந்தது 55 ஆகியிருக்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். ஆனால் அங்கே ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஓட்டை கடையிலா, அளவுகோலிலா?

அளவுகோலைச் சோதிப்பது

கடையில் அனலிடிக்ஸைவிட நம்பத் தகுந்த பதிவு ஒன்று இருக்கிறது. ஆர்டர் பட்டியல். பணம் வந்தால்தான் அங்கே ஆர்டர் பதிவாகும். ஆகவே அனலிடிக்ஸின் `purchase` நிகழ்வுகளை அவற்றின் `transaction_id` எண்ணோடு இறக்கி, ஆர்டர் பட்டியலோடு எண்ணுக்கு எண் பொருத்திப் பாருங்கள்.

இதற்கு ஆர்டர் பட்டியலிலேயே ஆள் எந்த விளம்பரத்தில் இருந்து வந்தார் என்ற குறிப்பு இருந்தால் வேலை எளிது. லேண்டிங் பக்கத்தின் முகவரியில் வரும் `utm_campaign`, `gclid` போன்ற விளம்பரக் குறிகளை எடுத்து வைத்து, ஆர்டரோடு சேர்த்துச் சேமிக்கும்படி செய்வது ஒரு நாள் வேலைதான். நம் கடையில் அப்படி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஆட்களிடம் இருந்து வந்த ஆர்டர் 175. அனலிடிக்ஸ் சொல்வதோ 120. ஐம்பத்தைந்து ஆர்டருக்குப் பணம் வந்திருக்கிறது, நிகழ்வு வரவில்லை.

அந்த 55 ஆர்டரையும் தனியாக எடுத்து, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பணம் கட்டிய வழி என்ற வரிசையைப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடுகிறது. எல்லாமே பணம் கட்ட இன்னொரு செயலிக்குப் போய்த் திரும்பும் வழிகள். அந்த ஆட்கள் அங்கே பணத்தைக் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்ற செய்தியைப் பார்த்ததும் அப்படியே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கடையின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. `purchase` நிகழ்வோ அந்த நன்றிப் பக்கத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வாரம் முன்பு கடை அந்தப் புதிய பேமெண்ட் வழியைச் சேர்த்தது, அன்றில் இருந்துதான் எண் சரிந்திருக்கிறது.

உண்மையில் 219 பேரில் 175 பேர் கட்டியிருக்கிறார்கள், அதாவது 80 சதவீதம். முன்பிருந்த அதே அளவு. மோசமாகத் தெரிந்த படியில் கடைக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கு மருந்து, பணம் வந்தது என்று பேமெண்ட் சேவையிடம் இருந்து சர்வருக்கு வரும் தகவலை வைத்து, சர்வரில் இருந்தே Measurement Protocol வழியாக `purchase` நிகழ்வை அனுப்புவது. நன்றிப் பக்கத்தில் இருக்கும் நிகழ்வையும் விட்டு வைப்பதாக இருந்தால் இரண்டிலும் அதே `transaction_id` போக வேண்டும். இல்லையென்றால் ஒரு ஆர்டர் இரண்டாகிவிடும், குறைவு போய் மிகுதி வந்து நிற்கும்.

இதே இடத்தில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கும். ஆள் திரும்பி வந்தாலும், பேமெண்ட் தளத்தில் இருந்து வந்தவர் என்று பதிவாகி, ஆர்டர் விளம்பரத்தின் பெயரில் சேராமல் அந்தத் தளத்தின் பெயரில் சேர்ந்துவிடும். உங்கள் வருகை அறிக்கையில் பேமெண்ட் தளத்தின் பெயர் ஆர்டர்களோடு தெரிந்தால் இதுதான் நடக்கிறது. List unwanted referrals அமைப்பில் அந்தத் தளத்தின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அளவுகோல் சந்தேகம் கடைசிப் படிக்கு மட்டும் உரியதில்லை, முதல் படிக்கும் உண்டு. நம் கணக்கில் 10,000 கிளிக்கில் 7,600 பேர் வந்திருக்கிறார்கள், முன்பும் கிட்டத்தட்ட அப்படியே என்பதால் அதை நான் தொடவில்லை. ஒருவேளை உங்கள் கணக்கில் இது 77இல் இருந்து 50க்கு விழுந்திருந்தால், சர்வர் பதிவைத் திறந்து, `gclid` அல்லது உங்கள் `utm_campaign` இருக்கும் வேண்டுகோள்களை எண்ணுங்கள். AdsBot-Google, facebookexternalhit போன்ற இயந்திர வருகைகளைக் கழித்துவிடுங்கள், அவை ஆட்கள் இல்லை. சர்வரில் 9,400 இருந்து அனலிடிக்ஸில் 5,000 என்றால், ஆட்கள் வாசல் வரை வந்திருக்கிறார்கள். பக்கம் திறக்கும் முன் பொறுமை இழந்து போனார்கள், அல்லது குக்கி அனுமதியை மறுத்தார்கள், அல்லது ஸ்கிரிப்ட் ஓடவில்லை. சர்வரிலேயே 5,000தான் என்றால் கோளாறு அதற்கும் முன்பு. வழியில் ஒரு திருப்பிவிடும் முகவரி இந்தக் குறிகளைக் கழற்றிப் போட்டிருக்கலாம், அல்லது கை தவறிப் பட்ட கிளிக்குகள் பெருகியிருக்கலாம். விளம்பரம் எந்தெந்தச் செயலிகளில் காட்டப்பட்டது என்ற அறிக்கையில் விளையாட்டுச் செயலிகள் நிறைய இருந்தால் எனக்கு உடனே இரண்டாவது சந்தேகம்தான் வரும்.

மிச்சம் இருக்கும் ஒரு படியைப் பிளப்பது

இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு உண்மையான ஓட்டை. செக்அவுட் தொடங்கிய 365 பேரில் 219 பேர்தான் பணம் கட்டும் வழி வரை போனார்கள். 75 சதவீதம் 60 ஆகிவிட்டது. படி தெரிந்துவிட்டது, ஆனால் படி தெரிவது பாதி வேலைதான். யாருக்கு உடைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எது உடைந்தது என்று தெரியும்.

ஃபனலில் Breakdown என்ற இடத்தில் Device category போடுங்கள். நம் கடையில் கணினியில் இருந்து 84 பேர் செக்அவுட் தொடங்கி 63 பேர் அடுத்த படிக்குப் போயிருக்கிறார்கள், 75 சதவீதம். கைபேசியில் 281 பேரில் 156 பேர், 56 சதவீதம். ஆக, கைபேசியில் ஏதோ நடந்திருக்கிறது. இங்கே நிறுத்திவிட்டு 'கைபேசி வடிவமைப்பை மேம்படுத்த வேண்டும்' என்று அறிக்கை எழுதுபவர்கள் உண்டு. அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு வேலையும் செய்ய முடியாது. இன்னும் ஒரு முறை பிளக்க வேண்டும்.

Filters இடத்தில் Device category என்பதை mobile என்று வைத்துவிட்டு, Breakdown இடத்தில் Browser போடுங்கள். இந்தப் பட்டியலில் Chrome, Safari தவிர Safari (in-app), Android Webview என்று இரண்டு பெயர்கள் தெரியும். அவை, சமூக வலைச் செயலிக்குள் விளம்பரத்தைத் தட்டியதும் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிற பிரவுசர்கள். அதைப் பயன்படுத்துபவருக்குப் பெரும்பாலும் தான் வேறொரு பிரவுசரில் இருப்பதே தெரியாது. கைபேசியின் 281 பேரை இப்படிப் பிரித்தால், சாதாரண பிரவுசரில் 141 பேரில் 106 பேர் தாண்டியிருக்கிறார்கள், 75 சதவீதம். செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் 140 பேரில் 50 பேர்தான், 36 சதவீதம்.

அந்தப் பிரவுசர் எப்போதுமே இப்படித்தானா? பழைய இரண்டு வாரத்தையும் அதே போல் பிரித்துப் பார்க்க வேண்டும். கணினி 77, சாதாரண கைபேசி பிரவுசர் 76, செயலிக்குள் இருப்பது 72. மற்ற இரண்டும் ஒன்றிரண்டு புள்ளி அசைந்திருக்கின்றன, இது மட்டும் பாதியாகச் சரிந்திருக்கிறது. ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால் போதாது, அதன் சொந்தப் பழைய எண்ணோடும் ஒப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. சில நேரம் எந்தக் குழுவிலும் எதுவும் மாறாமலே மொத்த விகிதம் இறங்கும். ஒரு குழு 75 சதவீதம் தாண்டுகிறது, இன்னொன்று 55. இரண்டும் சரிபாதி இருந்தால் மொத்தம் 65. அடுத்த வாரம் விளம்பரக்காரர் இரண்டாவது குழுவுக்கு அதிகம் காட்டி, அது முக்கால் பங்கு ஆகிவிட்டால் மொத்தம் 60. கடையில் ஒரு திருகாணிகூட அசையவில்லை. வந்த கூட்டம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படி இருந்தால் புரோகிராமரை விட்டுவிட்டு விளம்பரம் போடுபவரிடம் பேசுங்கள்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு எச்சரிக்கை. பிளக்கப் பிளக்கக் குழுக்கள் சிறியதாகும். 140 பேரில் 36 சதவீதம் என்னும்போது, தற்செயலால் மட்டுமே அது ஏறக்குறைய 8 புள்ளி மேலும் கீழும் ஆடலாம். 28க்கும் 44க்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது. பழைய 72 அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது, ஆகவே நம்பலாம். இதுவே ஒரு குழுவில் 12 பேர் இருந்து அதில் 4 பேர் தாண்டினார்கள் என்றால், அந்த 33 சதவீதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. மூன்று பேர் மனம் மாறினால் அது 58 ஆகிவிடும்.

கையால் தொட்டுப் பார்ப்பது

எண்கள் இதற்கு மேல் சொல்லாது. சொன்ன வரைக்கும் சொல்லிவிட்டன: இரண்டு வாரத்துக்கு முன் ஏதோ மாறியிருக்கிறது, அது செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் செக்அவுட் தொடங்கிய பிறகு இடிக்கிறது. முன்பு ஒதுக்கி வைத்த `add_shipping_info` படியை இப்போது எடுத்தால் இடம் இன்னும் சுருங்கும். அந்த 140 பேரில் முகவரி கொடுத்தவர்கள் 55, அதில் பணம் கட்டும் வழிக்குப் போனவர்கள் 50. முகவரி கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போய்விடுகிறார்கள். இடிப்பது முகவரிக்கும் முன்பு.

இப்போது கைபேசியை எடுங்கள். கணினியில் திரையைச் சுருக்கிக் கைபேசி போலக் காட்டும் வசதி இங்கே உதவாது, அது அந்தப் பிரவுசர் இல்லை. உங்களுக்கே ஒரு செய்தியில் பொருள் பக்கத்தின் முகவரியை அனுப்பி, அதே சமூக வலைச் செயலிக்குள் தட்டித் திறந்து, வாங்கிப் பாருங்கள்.

நம் கடையில் இப்படிச் செய்தால், செக்அவுட் தொடங்கியதும் ஒரு உள்நுழைவுத் திரை வருகிறது. இரண்டு வாரம் முன்பு சேர்த்தது. மேலே பெரிதாக கூகுள் கணக்கில் நுழையும் பொத்தான், கீழே சின்ன எழுத்தில் கணக்கு இல்லாமல் தொடரும் வழி. பெரிய பொத்தானை அழுத்தினால் `403: disallowed_useragent` என்று ஒரு பிழைப் பக்கம். இது கடையின் சர்வர் கோளாறு இல்லை. செயலிக்குள் பதிந்திருக்கும் பிரவுசரில் கடவுச்சொல்லை அந்தச் செயலி பார்த்துவிட முடியும் என்பதால், பாதுகாப்புக்காக கூகுள் அங்கே உள்நுழைவை அனுமதிப்பதில்லை. கணினியில் இருந்தே சோதித்துவிட்டு 'நன்றாகத்தான் வேலை செய்கிறது' என்று சொன்ன புரோகிராமரும் பொய் சொல்லவில்லை. அவர் மேசையில் அது வேலை செய்யத்தான் செய்தது.

கணக்கு இல்லாமல் தொடரும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள்தான் அந்த 50 பேர் என்று ஊகிக்கலாம். ஊகத்தை உறுதி செய்ய, உள்நுழைவுத் திரை திறந்தது, கூகுள் பொத்தானை அழுத்தியது, உள்நுழைந்து திரும்பியது, கணக்கு இல்லாமல் தொடர்ந்தது என்று நான்கு சொந்த நிகழ்வுகளைச் சேர்த்து மூன்று நான்கு நாள் ஓடவிட்டால் போதும். பிழைச் செய்தி வேறொரு தளத்தில் தோன்றுவதால் அதை நேராகப் பிடிக்க முடியாது. பொத்தானை அழுத்தியவர் எண்ணிக்கைக்கும் உள்நுழைந்து திரும்பியவர் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி செய்தால் எவ்வளவு கிடைக்கும்

வேலையைக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அடுத்த அறையில் ஒருவர் இன்னமும் அந்த 8 சதவீதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்.

செயலிக்குள் வரும் 140 பேர் பழையபடி 72 சதவீதம் தாண்டினால் 101 பேர். இப்போது இருப்பதைவிட 51 பேர் அதிகம். அதில் 80 சதவீதம் பேர் பணம் கட்டுவார்கள் என்றால் இரண்டு வாரத்துக்கு 41 ஆர்டர். 175 இருந்தது 216 ஆகும்.

பொருள் பக்கத்தைப் புதிதாகச் செய்து 8 சதவீதத்தை 9 ஆக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 7,600 பேரில் கூடுதலாக 76 பேர் கூடையில் போடுவார்கள். அவர்கள் இன்றைய நிலையில் 60, 60, 80 என்று மூன்று படியையும் தாண்டி வந்தால் மிஞ்சுவது 22 ஆர்டர். அந்த ஒரு புள்ளியை ஏற்றுவதற்கு எத்தனை வாரம் ஆகும், ஏறுமா என்பதே யாருக்கும் தெரியாது. இங்கேயோ ஒரு பொத்தானைச் செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் மறைத்து, கணக்கு இல்லாமல் தொடரும் வழியை மேலே கொண்டுவந்தால் போதும்.

மாற்றம் போன தேதியைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு இரண்டு வாரக் கிளிக், அப்புறம் ஏழு நாள் பொறுமை, பிறகு அதே குழுவுக்கு மட்டும் அதே படியைப் பாருங்கள். மொத்த ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதற்குள் விளம்பரச் செலவே மாறியிருக்கும். செயலிக்குள் இருக்கும் பிரவுசரின் விகிதம் 70ஐத் தொட்டுவிட்டால் அந்த ஓட்டை அடைபட்டது. 55 வரை வந்து நின்றுவிட்டால், உள்நுழைவுத் திரைக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நான் முதலில் பார்ப்பது முகவரிப் படிவத்தை. சேமித்து வைத்த முகவரியைத் தானாக நிரப்பும் வசதி செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் பல நேரம் வேலை செய்யாது. சாதாரண பிரவுசரில் ஒரு தட்டில் முடிகிற படிவத்தை அங்கே கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டியிருக்கும். Show elapsed time என்பதைப் போட்டு, `begin_checkout` முதல் `add_shipping_info` வரை இரண்டு பிரவுசரிலும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.